ஐந்து வரி நிறுவல்

‘மழை பெய்தால் மழை பெய்யும்’ என்று ஒருவன் அவை நடுவே எழுந்து கூறுவானாயின், கேட்போர் நகைப்பர். ‘இதற்குச் சான்று யாது?’ என்று பிறிதொருவன் வினவுவானாயின், அவனை இன்னும் மிகுதியாக நகைப்பர். கண்கூடாக விளங்கும் ஒன்றற்குச் சான்று எதற்கு என்பதே அவர்தம் எண்ணமாகும். ஆயினும் இக்கூற்றுக்கு ஐந்து வரிகளில் அமைந்த நிறுவல் ஒன்று உண்டு. கணிதப் பேரறிஞர் சிலர் இத்தகைய நிறுவல்களைத் தேடி முயன்றனர். அங்ஙனம் முயல வேண்டிய தேவையை ஒரு கடிதம் அவர்களுக்கு உணர்த்தியது.

ஜெர்மனியில் யேனா நகரப் பல்கலைக்கழகத்தில் கோட்லோப் பிரேகே என்னும் பேராசிரியர் இருந்தார். எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மீதே கட்டி எழுப்ப அவர் விரும்பினார். 1879-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில், மனிதர் அனுமானிக்கும் முறைகள் குறியீடுகளாக வகுத்துக் காட்டப்பட்டன. பின்னர்ப் பெருநூல் ஒன்றை எழுதினார். அதன் இரண்டாம் தொகுதி அச்சிலிருந்தபோது, 1902-ஆம் ஆண்டில், ஆங்கில அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னைத் தான் உறுப்பாகக் கொள்ளாத தொகுதிகளை எல்லாம் உறுப்பாகக் கொண்ட ஒரு தொகுதியை எண்ணிப் பார்க்குமாறு அக்கடிதம் கேட்டது. அத்தொகுதி தனக்குத் தான் உறுப்பா, அன்றா? உறுப்பு எனின் உறுப்பன்று என்றாகும். உறுப்பன்று எனின் உறுப்பு என்றாகும். பிரேகே ஏற்றுக்கொண்ட ஓர் அடிப்படையிலிருந்தே இம்முரண்பாடு விளைந்தது. உண்மை எனக் கொண்டது பொய்யாய் முடிந்தது.

இதன்பின், ‘பார்த்தவுடன் விளங்குகிறது’ என்னும் சொல்லைச் சான்றாக ஏற்க அறிஞர் அஞ்சினர். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் 1899-ஆம் ஆண்டிலேயே வடிவ கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி நூல் எழுதியவர். புள்ளி, கோடு, தளம் என்பவற்றுக்கு மாறாக மேசை, நாற்காலி என்று சொன்னாலும் தேற்றங்கள் மாறாமல் நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. நிறுவல் பொருளைச் சாராமல் வடிவத்தைச் சார்ந்து நிற்க வேண்டும் என்பதே இதன் உட்கிடை. ஆகவே, எடுத்துக்கொள்ளும் அடிகோள்கள் இவை, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறும் விதி இது என்று முன்னரே எழுதி வைத்துவிட வேண்டும். அதன்பின் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அவற்றுள் எதனால் வந்தது என்று காட்டப்பட வேண்டும். அறிவுக் கூர்மை இல்லாத ஒருவன்கூட வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சரி பிழை கூறும்படி நிறுவல் அமைய வேண்டும்.

இம்முறையின் மிக எளிய பகுதி கூற்றுத் தருக்கம் எனப்படும். அதில் ‘மழை பெய்கிறது’, ‘ஆறு பெருகுகிறது’ போன்ற முழுக் கூற்றுகளுக்கு மாறாக க, ச, த என்னும் எழுத்துகள் நிற்கும். ‘க ஆயின் ச’ என்பதை ‘க → ச’ என்று எழுதுவர். க உண்மையாகவும் ச பொய்யாகவும் இருக்கும்போது மட்டுமே இது பொய்யாகும். ஏனைய நிலைகளில் எல்லாம் உண்மையாகும். ‘க அன்று’ என்னும் மறுப்பை ‘¬க’ என்று எழுதுவர்.

இனி, அடிகோள்கள் மூன்று. பிரேகே ஆறு அடிகோள்களைக் கொண்டிருந்தார். போலந்து நாட்டு அறிஞர் யான் லூக்காசியேவிச் அவற்றைக் குறைத்து, மூன்றே போதும் என்று காட்டினார். அவை வருமாறு:

முதலாவது: க → (ச → க)

இரண்டாவது: (க → (ச → த)) → ((க → ச) → (க → த))

மூன்றாவது: (¬ச → ¬க) → (க → ச)

முதலாவது, ‘க உண்மையாயின், ச எதுவாயினும் க உண்மையே’ என்று கூறுகிறது. இரண்டாவது, ‘க’ என்னும் நிபந்தனையை உள்ளே இருக்கும் இரு பகுதிகளுக்கும் பகிர்ந்து அளிக்கிறது. மூன்றாவது, மறுப்புகளுக்கு இடையே உள்ள தொடர்பைத் திருப்பி வைக்கிறது.

இவற்றைத் தனித்தனி வாக்கியங்கள் எனக் கொள்ளலாகாது. வார்ப்பு அச்சுகள் எனக் கொள்ள வேண்டும். ஓர் அச்சில் எந்த உலோகத்தை ஊற்றினாலும் அதே வடிவம் கிடைப்பது போல, ககரத்தின் இடத்தில் எந்தக் கூற்றை வைத்தாலும் ஓர் அடிகோள் கிடைக்கும். வைக்கும் கூற்று நீண்டதாயும் இருக்கலாம். அதனுள்ளேயே அம்புக்குறிகள் இருக்கலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் எழுத்து வரும் இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே கூற்றையே வைத்தல் வேண்டும். இங்ஙனம் அச்சுகளாகக் கொள்ளும் முறையை 1927-ஆம் ஆண்டில் ஜான் வான் நியூமன் புகுத்தினார்.

விதியோ ஒன்றே. ‘க’ என்பதும் ‘க → ச’ என்பதும் கிடைத்துவிட்டால் ‘ச’ என்பதைத் தனியே எழுதிக்கொள்ளலாம். ஐரோப்பியத் தருக்க நூலார் இதனை ‘மோடஸ் போனன்ஸ்’ என்பர். தமிழில் பிரிப்பு விதி எனலாம். ‘ச’ என்பதும் ‘க → ச’ என்பதும் கிடைத்தால் ‘க’ என்று எழுதுதல் பெரும்பிழை. மழை பெய்தால் தெரு நனையும் என்பது உண்மையாயினும், தெரு நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று துணிய முடியாது. யாரேனும் நீர் தெளித்திருக்கலாம்.

இவ்வளவே கருவிகள். இவற்றைக் கொண்டு ‘க → க’ என்பதை நிறுவ வேண்டும். ‘மழை பெய்தால் மழை பெய்யும்’ என்பது இவ்வடிவில் அடங்கும். மூன்று அச்சுகளில் எதுவும் நேரே இவ்வடிவத்தைத் தருவதில்லை என்பதைக் காண்க. ஆதலின் இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எந்த அச்சின் இறுதியில் ‘க → க’ வரக்கூடும்? இரண்டாம் அச்சு ‘க → த’ என்று முடிகிறது. தகரத்தின் இடத்தில் ககரத்தையே வைத்தால் அது பின்வருமாறு ஆகும்:

(க → (ச → க)) → ((க → ச) → (க → க))

இதன் முற்பகுதி எதுவென்று நோக்கினால், அது முதல் அச்சே என்பது விளங்கும். முதல் அச்சு அடிகோள் ஆதலின், பிரிப்பு விதியால் ‘(க → ச) → (க → க)’ என்பது கையில் கிடைக்கிறது. இன்னும் ஒரு தடையே எஞ்சி நிற்கிறது. ‘க → ச’ என்பது நிறுவப்பட்டதாக இருந்தால், மீண்டும் பிரிப்பு விதியால் ‘க → க’ வந்துவிடும். சகரத்தின் இடத்தில் எதை வைப்பது என்பது இன்னும் முடிவு செய்யப்படவில்லை. அந்த உரிமை கையில் இருக்கிறது.

இவ்விடத்தில் அவசரப்படுவோன், சகரத்தின் இடத்திலும் ககரத்தையே வைப்பான். அப்போது அவனுக்குக் கிடைப்பது ‘(க → க) → (க → க)’ என்பதாகும். ‘க → க’ என்பதைப் பெற, ‘க → க’ என்பதே முதலில் வேண்டும் என்றாகிவிடும். வீட்டின் திறவுகோலை வீட்டினுள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டவன் நிலையே அவன் நிலை. அவன் எழுதிய வரிகளில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவை எங்கும் கொண்டுசெல்வதில்லை.

ஆகவே ‘க → ச’ என்பது ஏதேனும் ஓர் அச்சில் வார்க்கப்படும்படி சகரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். முதல் அச்சோ ககரத்தில் தொடங்கி ‘ஏதோ ஒன்று → க’ என்று முடிகிறது. எனவே சகரத்தின் இடத்தில் ‘க → க’ என்னும் முழுக் கூற்றையும் வைக்கலாம். அப்போது ‘க → (க → க)’ என்பது முதல் அச்சின் வார்ப்பாகிவிடும். தடை நீங்கியது. நிறுவலை இனி வரிசையாக எழுதலாம்.

1. (க → ((க → க) → க)) → ((க → (க → க)) → (க → க))
இஃது இரண்டாம் அச்சு. சகரத்தின் இடத்தில் ‘க → க’. தகரத்தின் இடத்தில் ‘க’.

2. க → ((க → க) → க)
இது முதல் அச்சு. சகரத்தின் இடத்தில் ‘க → க’.

3. (க → (க → க)) → (க → க)
இது 2, 1 ஆகிய வரிகளிலிருந்து பிரிப்பு விதியால் வந்தது.

4. க → (க → க)
இது முதல் அச்சு. சகரத்தின் இடத்தில் ‘க’.

5. க → க
இது 4, 3 ஆகிய வரிகளிலிருந்து பிரிப்பு விதியால் வந்தது.

இரண்டாம் வரியிலும் நான்காம் வரியிலும் முதல் அச்சே வருகிறது. ஆனால் சகரத்தின் இடத்தில் வெவ்வேறு கூற்றுகள் வைக்கப்பட்டுள்ளன. இது கட்டுப்பாட்டை மீறுவதாகாது. ஒரே வரியினுள் ஓர் எழுத்துக்கு இரு வேறு கூற்றுகளை வைப்பதே குற்றம். ஒரே அச்சை இரு முறை வெவ்வேறாக வார்ப்பது குற்றமன்று. அடைப்புக்குறிகளையும் இடம் மாற்றலாகாது. ‘க → (ச → க)’ என்பதை ‘(க → ச) → க’ என்று எழுதிவிட்டால் அது அடிகோளே ஆகாது. ககரம் பொய்யாக இருக்கும்போது ‘க → ச’ உண்மையாகும்; உண்மையிலிருந்து பொய் வருவதாகக் கூறும் அக்கூற்று முழுவதும் பொய்யாகிவிடும். எழுதிய வரி ஐயத்துக்கு இடமானால், எழுத்துகளுக்கு உண்மை, பொய் என்னும் மதிப்புகளை மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தால் இத்தகைய பிழை வெளிப்படும்.

இத்துணை எளிய முடிவுக்கு இரு அச்சுகள் வேண்டுமோ, முதல் அச்சு ஒன்றே போதாதோ என்று கேட்கலாம். போதாது என்பதையும் நிறுவிக் காட்டலாம். முதல் அச்சையும் பிரிப்பு விதியையும் மட்டும் வைத்துக்கொண்டால், இரு வகைக் கூற்றுகளே கிடைக்கும். அச்சில் நேரே வார்த்தவை ஒரு வகை. ‘ஏதோ ஒன்று → முன்னரே நிறுவப்பட்ட ஒன்று’ என்பது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையின் மீது பிரிப்பு விதியைச் செலுத்தினால், முன்னரே நிறுவப்பட்டதுதான் மீண்டும் வரும். புதியது எதுவும் வாராது. இனி ககரம் உள்ளே அம்புக்குறி இல்லாத தனிக்கூற்று எனக் கொண்டு ‘க → க’ என்பதை நோக்குக. அது முதல் வகையன்று. முதல் வகையில் அம்புக்குறிக்குப் பின் இன்னும் ஓர் அம்புக்குறி இருக்க வேண்டும். இரண்டாம் வகையாக இருக்க வேண்டுமாயின், ககரம் தனியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். இரு வகையிலும் அம்புக்குறி இல்லாத கூற்று இல்லை ஆதலின், அதுவும் இயலாது. எனவே இரண்டாம் அச்சு இன்றி இம்முடிவு கைகூடாது. ஒன்றை நிறுவுவது போலவே, ஒன்றை நிறுவ முடியாது என்பதையும் ஐயமின்றிக் காட்டுவதற்கு இம்முறை இடந்தருகிறது.

ஒரு முறை நிறுவிய வழியைப் பின்னர் வேண்டும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். ‘மழை பெய்தால் ஆறு பெருகும், ஆறு பெருகினால் ஏரி நிரம்பும், ஆகவே மழை பெய்தால் ஏரி நிரம்பும்’ என்பது யாவரும் மேற்கொள்ளும் அனுமானம். இச்சங்கிலியையும் மேற்கூறிய கருவிகளாலேயே பெற வேண்டும். ‘க → ச’, ‘ச → த’ என்னும் இரண்டும் கொடுக்கப்பட்டன எனக் கொள்க. முதல் அச்சு ‘(ச → த) → (க → (ச → த))’ என்பதைத் தருகிறது. பிரிப்பு விதியால் ‘க → (ச → த)’ கிடைக்கிறது. இரண்டாம் அச்சின் முற்பகுதி இதுவே. எனவே மீண்டும் பிரிப்பு விதியால் ‘(க → ச) → (க → த)’ வருகிறது. ‘க → ச’ முன்னரே கொடுக்கப்பட்டது. ஆகவே ‘க → த’ என்பது பெறப்படுகிறது.

இச்சங்கிலியைக் கொண்டு, பிரேகேயின் நூலுக்கு நேர்ந்த தீங்கு எத்துணைப் பெரிது என்பதை அறியலாம். முதல் அச்சு ‘¬க → (¬ச → ¬க)’ என்பதைத் தருகிறது. மூன்றாம் அச்சு ‘(¬ச → ¬க) → (க → ச)’ என்கிறது. இவ்விரண்டையும் சங்கிலியாகப் பிணைத்தால் ‘¬க → (க → ச)’ என்னும் தேற்றம் கிடைக்கும். இப்போது ஒரு முறைமையில் ‘க’ என்பதும் ‘¬க’ என்பதும் ஒருங்கே நிறுவப்பட்டன எனக் கொள்க. பிரிப்பு விதியை இரு முறை செலுத்தினால் ‘ச’ வந்துவிடும். சகரமோ எதுவாகவும் இருக்கலாம்! ஒன்றும் ஒன்றும் மூன்று என்பதும் நிறுவப்பட்டுவிடும். குடத்துப் பாலில் வீழ்ந்த துளி நஞ்சு போல, ஒரே முரண்பாடு முறைமை முழுவதையும் கெடுத்துவிடுகிறது. எதையும் நிறுவ வல்ல முறைமை எதற்கும் சான்றாகாது.

அங்ஙனமாயின், இம்மூன்று அச்சுகளிலிருந்து ஒரு நாள் முரண்பாடு விளையாது என்பதற்கு உறுதி யாது? உறுதி உண்டு. எழுத்துகளுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் மூன்று அச்சுகளும் உண்மையாகவே நிற்கும். இதனை ஒவ்வொரு நிலையாக எழுதிப் பார்த்து அறியலாம். ‘க’, ‘க → ச’ என்னும் இரண்டும் எப்போதும் உண்மையாயின், ‘ச’ என்பதும் எப்போதும் உண்மையாகவே இருக்கும். எனவே பிரிப்பு விதி உண்மையிலிருந்து உண்மையையே ஈனும். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருங்கே உண்மையாதல் இல்லை. ஆகவே அவ்விரண்டும் ஒருங்கே நிறுவப்படுதலும் இல்லை. இதற்கு மறுதலையாக, எந்நிலையிலும் உண்மையாகும் கூற்றுகள் யாவும் இத்தகைய அடிகோள்களிலிருந்து நிறுவப்படக்கூடியவையே என்பதும் தெளிவாயிற்று. ஹில்பர்ட்டுக்குத் துணையாயிருந்த பால் பெர்னேய்ஸ் 1918-ஆம் ஆண்டில் இதனைக் கண்டார். எமில் போஸ்ட் என்பவர் தாமாகவே கண்டு 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1928-ஆம் ஆண்டில் ஹில்பர்ட்டும் அவர் மாணவர் வில்ஹெல்ம் ஆக்கர்மனும் எழுதிய நூல் இத்துறைக்குப் பாடநூலாயிற்று.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. எளிய அனுமானங்களும் இதில் நீண்டுவிடுகின்றன. ஐந்து வரி நிறுவலில் எந்தக் கூற்றை எங்கே வைப்பது என்பதைத் தேடிக் காண வேண்டியதாயிற்று. மக்கள் இயல்பாக எண்ணும் முறைக்கு இது தொலைவில் உள்ளது என்று கருதிய கெர்ஹார்டு கென்ட்சென் என்னும் கோட்டிங்கன் அறிஞர், இயல்பான அனுமான முறை ஒன்றை வகுத்து 1935-ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். மேலும், கூற்றுத் தருக்கத்தில் கிடைத்த நிறைவு எண்கணிதத்தில் கிடைக்கவில்லை. முரணற்றதாயும், வரிவரியாகச் சரிபார்க்கத் தக்கதாயும், எண்கணிதத்துக்குப் போதியதாயும் அடிகோள்களை எவ்வாறு வகுத்தாலும், அவற்றால் நிறுவவும் மறுக்கவும் இயலாத கூற்று ஒன்று எஞ்சும் என்பதைக் குர்ட் கோடல் 1931-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார்.

ஆயினும் ‘மழை பெய்தால் மழை பெய்யும்’ என்பதற்கு எழுதிய ஐந்து வரிகள் வீண் போகவில்லை. அவற்றை ஏற்றுக்கொள்வதற்கு எழுதியவர் புகழையோ, படிப்பவர் உள்ளத்தின் துணிவையோ நாட வேண்டுவதில்லை. முதல் வரியை இரண்டாம் அச்சோடும், இரண்டாவதையும் நான்காவதையும் முதல் அச்சோடும் ஒப்பிட்டு, எஞ்சிய இரண்டையும் பிரிப்பு விதியால் சரிபார்த்தால் போதும். பிரேகே ஏற்றுக்கொண்ட ஓர் அடிப்படை அவரை வீழ்த்தியது. ஐயுறுவோன் தானே சோதித்து அறியத்தக்க வகையில் நிற்பது இந்நிறுவல்.